ஒரு கூழாங்கல், மீதியெல்லாம் காலி: எடுத்துப் பார்த்த குறிப்புகள்

எடுத்த பொருள் ஒரே ஒரு கூழாங்கல். 6 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரம், சாம்பல் நிறம், பளபளப்பு இல்லை. பின்னணிக்கு 70 × 100 செ.மீ. அளவில், லேசாக மஞ்சள் கலந்த வெள்ளைச் சார்ட் தாள். முழு ஃபிரேம் கேமரா, 85 மி.மீ. லென்ஸ், ட்ரைபாட், இடப்பக்கம் ஒரு ஜன்னல். வேறு விளக்கு கிடையாது. கல்லைத் தவிர படத்தில் எதுவும் இருக்கக் கூடாது, ஆனாலும் பார்ப்பவருக்கு ஏதோ விட்டுப்போன மாதிரித் தோன்றக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து வர நான்கு சுற்று ஆனது.

முதல் சுற்று: காலி இடம் காலியாக இல்லை

தாளை மேசையில் விரித்து, கல்லை வைத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுத்தது. வ்யூஃபைண்டரில் எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது. கணினித் திரையில் பெரிதாக்கியதும்தான் வண்டவாளம் வெளியே வந்தது. தாளின் பின் ஓரம் ஒரு கோடாகக் குறுக்கே ஓடுகிறது. சுருட்டி வைத்திருந்த தாள் என்பதால் இரண்டு மடிப்பு நிழல்கள். வலப்பக்கம் ஒரு தூசித் துணுக்கு. கூட்டமான படத்தில் இவற்றை யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே கண் போய் உட்கார வேறு இடமே இல்லாததால் ஒவ்வொன்றும் இன்னொரு பொருள் ஆகிவிடுகிறது.

ஓரக் கோட்டைப் போக்க, தாளின் பின்பகுதியைச் சுவரில் ஒட்டி, மேசையும் சுவரும் சேரும் இடத்தில் மடிக்காமல் வளைவாகத் தொங்கவிட்டால் போதும். வளைவு கல்லுக்குப் பின்னால் குறைந்தது 15 செ.மீ. தள்ளித் தொடங்க வேண்டும். அதைவிட நெருங்கினால் வளைவில் வெளிச்சம் மாறுவது கல்லின் பின்னால் ஒரு பட்டையாகத் தெரிகிறது. சுருட்டிய தாளை முந்தைய நாளே எதிர்ப்பக்கம் சுருட்டி வைத்துவிட்டால் மடிப்பு நிழல் வராது.

எந்த லென்ஸ் என்பதும் இங்கே முக்கியம். முழு ஃபிரேமில் 85 மி.மீ. லென்ஸ் ஒரு மீட்டரில் சுமார் 42 செ.மீ. அகலத்தைத்தான் பார்க்கும், 70 செ.மீ. தாள் தாராளமாகப் போதும். அதே தூரத்தில் 50 மி.மீ. லென்ஸ் 72 செ.மீ. பார்க்கும், தாளின் இரு ஓரமும் உள்ளே வந்துவிடும். ஃபோனின் வழக்கமான கேமரா இதைவிடவும் அகலம். அதனால் ஃபோனில் எடுப்பவர்கள் 2x வைத்துக்கொண்டு கொஞ்சம் நெருங்குவது நல்லது. பின்னணி தீர்ந்துபோவதுதான் இந்த வகைப் படத்தில் முதலில் வரும் தொல்லை.

இரண்டாம் சுற்று: வெளிச்சம்

முதலில் ஜன்னலை ஒட்டியே வைத்தது. படத்தின் இட ஓரம் ஜன்னலிலிருந்து 50 செ.மீ., வல ஓரம் 92 செ.மீ. கறுப்பு 0, முழு வெள்ளை 255 என்று காட்டும் எடிட்டிங் செயலியின் கலர் பிக்கரை வைத்துப் பார்த்தால் இடப்பக்கத் தாள் 236, வலப்பக்கத் தாள் 150. கிட்டத்தட்ட ஒன்றரை ஸ்டாப் வித்தியாசம். ஒரே தாள், ஆனால் படத்தில் பாதி வெள்ளை, பாதி அழுக்குச் சாம்பல். கல்லைவிட அந்த வெளிச்சச் சரிவுதான் முதலில் கண்ணில் படுகிறது.

மேசையை ஒரு மீட்டர் பின்னால் இழுத்ததும் ஓரங்கள் 150, 192 செ.மீ. தூரத்துக்குப் போய்விட்டன. இரு ஓரங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி அதே 42 செ.மீ.தான், மொத்தத் தூரத்தோடு ஒப்பிட்டால் இப்போது அது சிறியது. வித்தியாசம் முக்கால் ஸ்டாப்புக்கும் கீழே இறங்கியது. வலப்பக்கம், படத்துக்கு வெளியே ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தியதும் அரை ஸ்டாப்: 236, 204. இதற்கு மேல் சமப்படுத்த வேண்டியதில்லை. இரு ஓரமும் ஒரே எண் காட்டும்வரை சரிசெய்து பார்த்தபோது கல் காற்றில் வெட்டி ஒட்டின மாதிரி ஆகிவிட்டது. வெளிச்சம் எங்கிருந்தோ வருகிறது என்கிற சிறு தடயம் இருந்தால்தான் அந்தக் காலி இடம் ஓர் இடமாகத் தோன்றுகிறது.

பின்னால் இழுத்ததற்கு ஒரு விலை உண்டு. ஜன்னல் தூரம் போகப் போகக் கல்லின் பார்வையில் அது சிறிய விளக்கு ஆகிறது; நிழலின் விளிம்பு கூர்மையாகிறது. ஜன்னல் கண்ணாடி முழுவதும் டிரேசிங் பேப்பர் ஒட்டி அதை மென்மையாக்கியது. நிழல் நீளமாக விழுவது இன்னொரு சிக்கல். கல்லைவிட மூன்று மடங்கு நீளத்துக்கு நிழல் ஓடினால் படத்தின் பொருள் நிழல்தான், கல் இல்லை. ஜன்னலின் கீழ்ப்பாதியை அட்டையால் மறைத்ததும் வெளிச்சம் மேலிருந்து மட்டும் வந்தது, நிழல் கல்லின் அகலத்துக்குச் சுருங்கியது. அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நிழல் பக்கம் மஞ்சளாகவும் ஜன்னல் பக்கம் நீலமாகவும் தாள் இரு நிறமாகிவிடும், ஒயிட் பேலன்ஸால் ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும்.

மூன்றாம் சுற்று: எவ்வளவு சின்னதாக, எங்கே

மூன்று அளவுகளில் எடுத்துப் பார்த்தது. கல் படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தபோது விற்பனைப் பட்டியல் படம் போல இருந்தது. சுற்றிலும் இடம் இருக்கிறது, ஆனால் அது வெறும் ஓரம்தான். ஏழில் ஒரு பங்கு (ஒரு மீட்டர் தூரம், கிராப் இல்லை) ஆனதும்தான் காலி இடம் கல்லோடு சமமாகப் பேச ஆரம்பித்தது. 1.4 மீட்டர் தள்ளிப் போய்ப் பத்தில் ஒரு பங்காக்கியது பெரிய திரையில் இன்னும் அழகு. ஃபோனில் போனால் கதை வேறு. ஏழு செ.மீ. அகலத் திரையில் பத்தில் ஒரு பங்கு என்பது 7 மி.மீ.; கல்லின் சொரசொரப்பு எல்லாம் போய் ஒரு புள்ளி மிஞ்சுகிறது. படம் எங்கே பார்க்கப்படும் என்பதை முடிவுசெய்யாமல் அளவை முடிவுசெய்ய முடியாது. இந்தத் தொடருக்கு ஏழில் ஒரு பங்கு.

இடம் பார்க்கும்போது கல்லை மட்டும் கணக்கில் எடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. கல்லும் நிழலும் சேர்ந்து ஒரே உருவம், கண்ணுக்கு அதுதான் எடை. கல்லைச் சரியாக நடுவில் வைத்த படம் வலப்பக்கம் சாய்ந்த மாதிரி இருந்ததற்கு இதுதான் காரணம்: நிழல் வலப்பக்கம் 6 செ.மீ. கூட்டிவிட்டது. நடுவில்தான் வைக்க வேண்டும் என்றால் கல்-நிழல் இரண்டின் மொத்த அகலத்துக்கு நடுப்புள்ளியைப் பார்த்து வைக்க வேண்டும்.

கடைசியில் நிலைத்த இடம்: இடமிருந்து மூன்றில் ஒரு பங்கு, கீழிருந்தும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, நிழல் காலி இடத்தை நோக்கி விழும்படி. இன்னும் ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தபோது, கல்லுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ஒரு கல் அகலத்துக்கும் குறைவாக இருந்தால் அமைதி போய்விடுகிறது. கல் வெளியே நழுவப் போவது போன்ற பரபரப்பு வருகிறது. மேல் பாதியில் வைத்தாலும் இதே கதைதான், இம்முறை விழப் போகிற பயம். பரபரப்புதான் வேண்டும் என்றால் அவை நல்ல இடங்கள்.

கேமராவின் கோணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுமார் 20 பாகை கீழ்நோக்கி. நேர் மேலிருந்து எடுத்தால் கல் தட்டையாகி, அருங்காட்சியக மாதிரி ஆகிவிடுகிறது.

நான்காம் சுற்று: எக்ஸ்போஷரும் பிற்செயலும்

கேமராவை அதன் போக்கில் விட்டால் வெள்ளைத் தாள் நடுச் சாம்பலாக வரும். பார்க்கிற எதையும் சராசரிச் சாம்பல் என்று நினைத்து அளப்பதுதான் மீட்டரின் இயல்பு, இங்கே படத்தில் முக்கால்வாசிக்கு மேல் வெள்ளை. எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் +1 கொடுத்தும் மந்தமாகவே இருந்தது. +1.7 கொடுத்தபோது ஜன்னல் பக்கம் 236க்கு வந்து நின்றது. ஹிஸ்டோகிராமில் தாளின் மேடு வலது சுவரைத் தொடாமல், கொஞ்சம் இடம் விட்டு நிற்க வேண்டும். 255ஐத் தொட்டுவிட்டால் தாளின் இழை மறைந்துவிடும். அப்படிப்பட்ட படத்தை வெள்ளை நிறப் பக்கம் ஒன்றில் வைத்தால் ஃபிரேம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. காலி இடத்துக்கு எல்லை இருந்தாக வேண்டும்.

f/2.8இல் கல்லின் முன் பக்கம் மட்டும் கூர்மை, பின் விளிம்பு கரைந்து தாளோடு கலந்துவிட்டது. மூலைகளும் லேசாக இருண்டன. f/8இல் ஒரு மீட்டரில் ஏறக்குறைய 6 செ.மீ. ஆழம் கிடைக்கிறது, கல்லுக்கு அது போதும். f/16க்குப் போன படத்தில் சென்சார் தூசியெல்லாம் வானத்தில் பறவைகள் மாதிரி தெரிந்தது, திரும்ப f/8க்கே வர வேண்டியதாயிற்று. ISO 100, 0.8 விநாடி, இரண்டு விநாடி டைமர்.

எதிர்பாராத பிழை எடிட்டிங்கில்தான் வந்தது. ஜேபெக் கோப்பில் வலப்பக்க நிழலைக் கொஞ்சம் தூக்கியதும், மெதுவாக மாற வேண்டிய வெளிச்சம் படிப்படியான பட்டைகளாக உடைந்தது. ஒரு வண்ணத்துக்கு 256 படிகள்தான் அந்தக் கோப்பில். 236இலிருந்து 204 வரை முழு அகலத்துக்கும் 32 படிகளே இருக்கின்றன. அவற்றை இழுத்தால் இடைவெளி தெரியத்தான் செய்யும். ரா கோப்பில் எடுத்து, 16 பிட்டில் திருத்தி, கடைசியாக மிக லேசான கிரெய்ன் சேர்த்ததும் பட்டைகள் மறைந்தன. நாய்ஸ் ரிடக்ஷனை அதிகமாக வைத்தால் பட்டை திரும்பி வந்துவிடும். தாளின் இழைதான் அதை மறைத்துக்கொண்டிருக்கிறது, அதை வழித்துவிடக் கூடாது.

தூசித் துணுக்குகளைத் தேட ஒரு வழி: கான்ட்ராஸ்டைத் தற்காலிகமாக உச்சத்துக்கு ஏற்றினால் ஒளிந்திருப்பவை எல்லாம் கறுப்பாக வெளியே வரும். துடைத்து முடித்ததும் பழைய அளவுக்கு இறக்கிவிட வேண்டும். இப்படிப் பார்த்ததில், கண்ணுக்கே தெரியாத 11 புள்ளிகள் கிடைத்தன. கல்லுக்கு அடியில் இருந்த ஒரு மணல் துகளை மட்டும் விட்டுவைத்தது. அதை எடுத்தால் கல் தாளைத் தொடாமல் மிதந்தது.

இன்னும் தீராதது ஒன்று. கல்லின் நிழல் பக்க விளிம்பு, அட்டையின் எதிரொளியால் தாளின் நிறத்துக்கு மிக அருகே வந்துவிட்டது, அங்கே உருவம் சற்றுக் கரைகிறது. அட்டையை 20 செ.மீ. தள்ளினால் விளிம்பு திரும்பும், ஆனால் தாளின் வலப்பக்கம் மறுபடி இருளும். அடுத்த சுற்றில் வெள்ளை அட்டைக்குப் பதில் வெளிர்சாம்பல் அட்டை, மீதி எல்லாம் அப்படியே.