கம்மல் கொக்கியும் கருப்பு ஒயரும்

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் சாப்பாட்டு மேசைதான். பையன் படிப்பதும் அதில்தான், நான் டெரகோட்டா கம்மலுக்குப் பெயிண்ட் அடித்துப் படம் எடுப்பதும் அதில்தான். வில்லியனூரில் எங்கள் ஹால் ஜன்னல் வெளிச்சம் காலை எட்டரையிலிருந்து பத்து மணி வரைதான் அந்த மேசைமேல் நன்றாக விழும். அந்த அவசரத்தில் மேசையை ஒதுக்காமலே 22 ஜோடியையும் எடுத்து முடித்துவிட்டேன்.

ராத்திரி வாட்ஸ்அப் கேட்லாக்கில் ஏற்ற உட்கார்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. பின்னால் கூரியர் அட்டைப்பெட்டி, ஓரத்தில் பசை டப்பா, குறுக்கே போன் சார்ஜரின் கருப்பு ஒயர். திரும்ப எடுக்கலாம் என்றால், ஆபீசில் காட்டுகிறேன் என்று நாத்தனார் பாதி ஜோடியைச் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெட்டியும் டப்பாவும் பெரிய வேலை வைக்கவில்லை. அவை ஓரத்தில்தான் இருந்தன. சதுரமாக வெட்டியதும் 14 படங்களில் காணாமல் போய்விட்டன. அழிக்கும் வேலையில் இறங்கும் முன் வெட்டிப் பார்த்துவிடுவது நல்லது. ஏதாவது வெட்டுப்படாத இடத்தில் இருந்தால்தான் அழிக்க வேண்டும்.

ஒயருக்கு போனில் Snapseed என்ற படம் திருத்தும் ஆப்பைத் திறந்து Healing எடுத்தேன். விரலால் தேய்த்த இடத்தைப் பக்கத்தில் இருக்கும் பரப்பை வைத்து அது நிரப்பும். முதலில் ஒயர் முழுவதையும் ஒரே இழுப்பில் தேய்த்தேன், மேசை விரிப்பு குழம்பிப் போனது. அப்புறம் நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு, நகத்தளவு துண்டு துண்டாகத் தேய்த்ததும் சரியாக வந்தது. படத்தைப் பெரிதாக்கினால் விரல் தேய்க்கும் இடம் அந்த அளவுக்குச் சின்னதாகிவிடும், விஷயம் அவ்வளவுதான். ஒயர் போனாலும் அதன் நிழல் மட்டும் சாம்பல் கோடாக நின்றிருந்தது. ஒயர் இல்லாத இடத்தில் ஒயரின் நிழல்! அடுத்த படத்திலிருந்து ஒயரையும் நிழலையும் சேர்த்தே தேய்த்தேன்.

உண்மையான தலைவலி ஜிமிக்கிப் படத்தில். ஒயர் கம்மல் கொக்கிக்குப் பின்னால் ஓடியது. கொக்கி மெல்லிய கம்பி, ஒயர் அதைவிடத் தடிமன். Healing தொட்டதும் கொக்கியின் பாதியைத் தின்றுவிட்டு, மிச்சத்தில் விரிப்பின் நீலத்தை இழுத்துப் பூசிவிட்டது. அந்தக் கருவி சுற்றியிருக்கும் நிறத்தோடு கலந்து ஒட்டும். அதனால் பொருளின் விளிம்பில் வைத்தால் இரண்டு நிறமும் கலந்து அழுக்காகிவிடும்.

அந்தப் படத்தைப் பையனின் லேப்டாப்பில் GIMP என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்தேன். முதலில் Free Select எடுத்து, கொக்கியின் ஓரத்தைப் புள்ளி புள்ளியாகச் சுற்றி வந்து, Select மெனுவில் Invert கொடுத்து, கொக்கியைத் தவிர மற்ற இடமெல்லாம் தேர்வாகும்படி செய்தேன். இப்போது கொக்கியின்மேல் எவ்வளவு தேய்த்தாலும் எதுவும் படாது. அப்புறம் Clone. இது கலக்காது, காட்டிய இடத்தை அப்படியே எடுத்து வந்து ஒட்டும். Ctrl-ஐ அழுத்திக்கொண்டு எங்கிருந்து எடுக்க வேண்டுமோ அங்கே ஒரு கிளிக், பிறகு ஒயரின்மேல் தேய்க்க வேண்டியதுதான்.

எங்கள் விரிப்போ கட்டம் போட்டது. முதலில் முன்பக்கக் கட்டத்திலிருந்து எடுத்து ஒட்டினேன், கோடுகள் சேரவே இல்லை. படத்தில் பின்னால் போகப் போகக் கட்டம் சின்னதாகத் தெரியும் அல்லவா, அதை மறந்துவிட்டேன். அதே வரிசையில் இடது பக்கம் இருந்த கட்டத்தின் மூலையில் Ctrl கிளிக் செய்து, ஒயர் இருந்த கட்டத்தின் அதே மூலையில் தேய்க்க ஆரம்பித்ததும் கோடு கோடோடு பொருந்தியது. கொக்கி இருந்த இந்த அரை அங்குலத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது.

இன்னொரு படத்தில் நான் செய்த தப்பு தாமதமாகத்தான் தெரிந்தது. ஒயர் ஜிமிக்கியின் அடியில் தொங்கும் முத்துகளை உரசிக்கொண்டு போயிருந்தது. Healing-ல் ஒயரோடு ஓரத்து முத்து ஒன்றும் போய்விட்டது, நான் கவனிக்கவில்லை. வாங்கிய அக்கா, "படத்துல ஏழு முத்துதானே இருந்துச்சு, வந்ததுல எட்டு இருக்கே, வேற பீஸ் அனுப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். கூடுதலாக வந்ததால் கோபப்படவில்லை. குறைவாக இருந்திருந்தால் கதை வேறு. அதிலிருந்து ஏற்றும் முன் மூலப்படத்தையும் திருத்திய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து முத்துகளை எண்ணிவிடுகிறேன். விரிப்பில் ஒரே கறை இரண்டு இடத்தில் தெரிகிறதா என்றும் பார்ப்பேன். Clone அடித்ததை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

ஒரு படத்தை மட்டும் விட்டுவிட்டேன். வார்னிஷ் பளபளப்பில் ஜிமிக்கியின் வயிற்றிலேயே ஒயர் வளைந்து பிரதிபலித்தது. அதை அழிப்பதென்றால் கம்மலையே நான் வரைய வேண்டும். நாத்தனார் ஊருக்கு வந்ததும் அந்த ஜோடியை வாங்கி, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு எடுத்தேன்.