மயிரிழைக்குள் நிற்க வேண்டிய ஏடு

வன்னியில் ஏட்டுச் சுவடி படமெடுப்பவர்களுக்கு ஸ்ரூடியோ வாய்ப்பதில்லை. சுவடி எந்த வீட்டுப் பெட்டியில், எந்தக் கோயில் அறையில் இருக்கிறதோ அங்கேயேதான் மேசை போட வேண்டும். உரிமையாளர்கள் அதை வெளியே கொடுத்தனுப்பத் தயங்குவார்கள், அது நியாயமும்கூட. ஆகவே சீமெந்துத் தரை, தலைக்கு மேலே ஃபான், சில சமயம் ஜெனரேற்றர், பக்கத்தில் ஏ9 வீதி என்று கிடைத்த இடத்தில்தான் வேலை நடக்கும். சென்சரைக் கொஞ்சங்கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் பிக்சல் ஷிஃப்ட் முறை இந்த இடங்களில்தான் அடிக்கடி சொதப்புகிறது. பழுது பெரும்பாலும் கமராவில் இருப்பதில்லை.

முதலில், ஏட்டுக்கு இந்த முறை ஏன் தேவைப்படுகிறது என்று பார்ப்போம். சாதாரண சென்சரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரேயொரு நிறத்தைத்தான் அளக்கும். நான்கு பிக்சல் கொண்ட சதுரத்தில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மற்ற இரண்டு நிறங்களையும் அயல் பிக்சல்களைப் பார்த்துக் கணித்துத்தான் படம் உருவாகிறது. பனையோலையின் நார்களோ நெருக்கமாக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடுபவை. அந்தக் கோடுகளின் இடைவெளி பிக்சல் இடைவெளிக்குக் கிட்ட வரும்போது கணிப்பு தடுமாறி, ஏட்டில் இல்லாத பச்சையும் ஊதாவும் அலையலையாகத் தோன்றும். எழுத்தாணிக் கீறலில் மை மங்கிப்போய்க் கறையோடு கலந்திருக்கும் ஏட்டில், எழுத்து எது கறை எது என்று பிரிப்பதற்கு நிறம்தான் துணை. அந்த நிறமே பொய்யாக இருந்தால் பிறகு வாசிப்பவர் என்ன செய்வார்?

பிக்சல் ஷிஃப்டில், கமராவின் உடலுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்புப் பொறியே சென்சரை ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி நான்கு படங்கள் எடுக்கிறது. ஏட்டின் ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு ஒருமுறை, நீலம் ஒருமுறை, பச்சை இருமுறை அளந்துவிடும். கணிப்பு வேண்டியதில்லை, அலைநிறமும் போய்விடும். பிக்சல் எண்ணிக்கை மட்டும் கூடாது. எண்ணிக்கையும் கூட வேண்டுமானால் அரைப் பிக்சல் நகர்வுகளோடு 16 படங்கள் எடுக்க வேண்டும். 2019இல் வந்த சோனி ஏ7ஆர் 4 கமராவில் இரண்டு வகையும் உண்டு. அதன் 61 மெகாபிக்சல், 16 படங்களில் 240 ஆகும்.

இனி ஒரு ஏட்டை வைத்துக் கணக்குப் பார்ப்போம். நீளம் 40 சென்ரிமீற்றர். இரு பக்கமும் கொஞ்சம் இடம்விட்டு 42 சென்ரிமீற்றரைச் சட்டத்துக்குள் அடக்குகிறோம். 61 மெகாபிக்சல் சென்சரின் அகலத்தில் 9504 பிக்சல்கள். ஆகவே ஏட்டில் ஒரு மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 22.6 பிக்சல் கிடைக்கும். திருப்பிச் சொன்னால், ஒரு பிக்சல் ஏட்டில் 0.044 மில்லிமீற்றரை மூடுகிறது. தலைமயிரின் தடிப்பில் பாதி போல என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு படமும் எடுத்து முடியும் சில விநாடிகளுக்குள் ஏடோ கமராவோ அரை மயிர் நகர்ந்தால், சிவப்பு ஓரிடத்தையும் நீலம் வேறோரிடத்தையும் அளந்துவிடும். 16 படத்தில் பொறுக்கக்கூடிய பிழை இதிலும் பாதி, எடுக்கும் நேரமோ பல மடங்கு.

எங்கள் தீர்ப்பு: ஏட்டுக்கு நான்கு படமே போதும். மில்லிமீற்றருக்கு 22.6 பிக்சல் என்பது ஓர் அங்குலத்துக்கு 570க்கு மேல். எழுத்தாணிக் கீறலை வாசிக்க இது தாராளம். குறையாக இருந்தது நிறம் மட்டும்தான், அதை நான்கு படம் தீர்த்துவிடுகிறது. சுருக்கப்படாத றோ கோப்பு ஒன்று சுமார் 120 எம்பி. நூறு ஏடு, இரு பக்கமும் என்றால் நான்கு படத்தில் ஏறக்குறைய 96 ஜிபி, 16 படத்தில் 380 ஜிபிக்கு மேல். அத்தோடு எஃப்8க்கு மேல் லென்ஸை மூடினால் ஒளி விரிந்து, அரைப் பிக்சல் நகர்வால் கிடைக்க வேண்டிய நுணுக்கத்தை அதுவே தின்றுவிடும். 240 மெகாபிக்சல் என்று சொல்வதில் ஒரு பெருமை இருக்கலாம். அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கப் பழைய மடிக்கணினி படும் பாட்டைப் பார்த்தால் பெருமை குறைந்துவிடும்.

ட்ரைபொட் விசயத்தில் பலர் பாரத்தை மட்டுமே யோசிக்கிறார்கள். கமரா அசைகிறதா என்பதைவிட, கமராவுக்கும் ஏட்டுக்கும் இடையிலான இடைவெளி மாறுகிறதா என்பதுதான் கேள்வி. லொறி போகும்போது தரை அதிர்ந்தால், தரையில் நிற்கும் ட்ரைபொட் ஒரு விதமாகவும் மேசை இன்னொரு விதமாகவும் ஆடும். கமராத் தூணை மேசைப் பலகையிலேயே பூட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து ஆடும், படத்தில் தெரிவது வெகுவாகக் குறையும். தூண் இல்லாமல் ட்ரைபொட்தான் என்றால், பாரமான தாழ்ந்த மேசை, பாய் விரிக்காத வெறுஞ் சீமெந்துத் தரை, நீட்டாத நடுத்தண்டு. கீழ்நோக்கிப் படமெடுக்கக் குறுக்குக் கை பூட்டினால் அதன் மறுமுனையில் மணல் பை கட்ட வேண்டும். பை தரையைத் தொடாமல் காற்றில் ஊசலாடினால் அதுவே ஆட்டத்தைக் கூட்டும். தரையில் சற்றுத் தொட்டபடி இருக்கட்டும்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. குறுக்குக் கையைப் பூட்டிய பிறகும் கமராவின் பாரத்தால் தலைப்பகுதி மெதுமெதுவாகக் கீழிறங்கும். இறுக்கி முடித்த கையோடு எடுக்காமல் இரண்டு மூன்று நிமிடம் விட வேண்டும். லென்ஸில் தனி நடுக்கத் தடுப்பு இருந்தால் அதை நிறுத்த வேண்டும். இந்த முறையில் ஷட்டர் மின்னணு வகை, அதனால் ஷட்டர் அதிர்வு இல்லை. விரல் அழுத்தும் அதிர்வு உண்டு. கணினியிலிருந்தோ ரிமோட்டாலோ இயக்கினால் அதுவும் இல்லை.

ட்ரைபொட்டைச் சரிப்படுத்திய பிறகும் படம் கெடுகிறதென்றால் ஏட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் யன்னலைச் சாத்தினாலும் ஓட்டு இடுக்கால் காற்று வரும். ஃபான் நிறுத்தியே ஆக வேண்டும், வெக்கையைப் பொறுத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. காற்றைவிடத் தந்திரமானது ஈரம். பெட்டிக்குள் இருந்த ஏடு மாரிகாலத்தில் ஈரம் ஏறியிருக்கும். விளக்கடியில் வைத்ததும் மேற்புறம் முதலில் காய்ந்து, நுனிகள் மெல்ல மேலெழும். பார்ப்பவர் கண்ணுக்கு ஏடு சும்மா கிடக்கிறது.

நுனி மேலெழுந்தால் பக்கவாட்டிலும் நகருமா? நகரும். 90 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் இந்த அளவுக்குக் கமரா ஏறத்தாழ 1.1 மீற்றர் உயரத்தில் நிற்கும். ஏட்டின் நுனி நடுவிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது. நுனி ஒரு மில்லிமீற்றர் எழுந்தால் படத்தில் அது சுமார் 0.17 மில்லிமீற்றர் வெளிப்பக்கம் தள்ளித் தெரியும். நான்கு பிக்சல்! எஃப்8இல் ஆழக்கூர்மை போதுமானதாக இருப்பதால் எழுத்து மங்காது, ஆகவே எடுப்பவருக்குச் சந்தேகமே வராது. 50 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் கமரா 63 சென்ரிமீற்றரில் நிற்கும், அதே எழுச்சி ஏழு பிக்சலாகிவிடும். அறையின் உயரம் இடம்கொடுத்தால் நீண்ட லென்ஸே நல்லது.

செய்யக்கூடியது எளிது. எடுக்கவிருக்கும் ஏடுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அதே அறையில், விளக்குக்கு அப்பால், கொஞ்ச நேரம் வைத்து அறையின் ஈரத்துக்குப் பழக்குவது. விளக்கைப் படமெடுக்கும் நேரத்துக்கு மட்டும் நெருங்கவிடுவது. நுனிகளில், எழுத்தில்லாத ஓரத்தில், பருத்தித் துணியில் தைத்த விரலளவு மணல் பொட்டலங்களை வைப்பது. கண்ணாடியால் அழுத்துவதை நாங்கள் சொல்லமாட்டோம். வளைந்து காய்ந்த ஓலை கண்ணாடிக்குக் கீழே வெடித்துவிடும், ஒரு பிக்சலுக்காக ஏட்டைப் பலிகொடுக்க முடியாது.

வெளிச்சமும் அசையக்கூடிய பொருள்தான். நான்கு படங்களில் ஒன்று மட்டும் சற்றுப் பிரகாசமாக வந்தாலும், சேர்த்த படத்தின் வெறும் பரப்பில் இரண்டுக்கு இரண்டு பிக்சலாக ஒரு வலை விழும். யன்னல் வெளிச்சத்தில் முகில் கடந்தால் போதும். ஜெனரேற்றரில் தண்ணீர்ப் பம்ப் ஓடத் தொடங்கும் அந்தக் கணமும் அப்படித்தான். ஆகவே யன்னலை மறைத்து, எல்ஈடி விளக்கைப் பற்றரியில் எரிப்பது பாதுகாப்பு. மின்சாரத்தில் எரிக்கத்தான் வேண்டுமென்றால் திறப்பு நேரத்தை 1/5 விநாடி போல நீட்டினால், விநாடிக்கு 100 தடவை வரும் மினுக்கம் 20 தடவை அடங்கிச் சமப்பட்டுவிடும். அளவுகள் எல்லாம் கைமுறையில் பூட்டியிருக்க வேண்டும்: ஐஎஸ்ஓ 100, எஃப்8, குவியம், வெண்சமன்.

எது பிழைத்தது என்று பிறகு கண்டுபிடிக்க ஒரு இரும்பு அடிமட்டம் போதும். அதை ஏட்டுக்குப் பக்கத்தில் பலகையோடு ஒட்டி வைத்து, அளவுக் கோடுகளும் படத்தில் வரும்படி எடுக்க வேண்டும். சேர்த்த படத்தை 200 வீதத்துக்குப் பெருப்பித்துப் பாருங்கள். அடிமட்டக் கோட்டின் ஓரத்தில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் சீப்புப் பல் போல நின்றால் கமரா நகர்ந்திருக்கிறது. அடிமட்டம் சுத்தமாக இருந்து ஏட்டில் மட்டும் அந்தப் பல் தெரிந்தால் ஏடு எழும்பியிருக்கிறது. ஓரங்கள் எல்லாம் சுத்தம், வெறும் பரப்பில் மட்டும் வலை என்றால் வெளிச்சம். ஏட்டைச் சோதிக்கும்போது நடுவைப் பார்த்து ஏமாறக்கூடாது. நடு மேலெழுந்தாலும் பக்கவாட்டில் நகராது. நுனிக்குக் கிட்ட உள்ள கயிற்றுத் துளையின் விளிம்பை, அல்லது பூச்சி அரித்த துளையைப் பார்க்க வேண்டும்.

சோனி, நிக்கொன், ஃபியூஜி வகைகளில் சேர்ப்பது கணினியில்தான் நடக்கும். அதற்குள் ஏட்டைப் புரட்டிவிட்டிருப்போம். அதனால் ஒவ்வொரு சுவடிக் கட்டிலும் முதல் ஏட்டுக்கு இரண்டு தொகுதிகள் அடுத்தடுத்து எடுப்பது வழக்கம். இரு தொகுதியின் முதல் படத்திலும் சென்சர் ஒரே இடத்தில்தான் நிற்கும். அந்த இரண்டையும் கமராத் திரையில் நுனித் துளைக்குப் பெருப்பித்து மாறி மாறிப் பார்த்தால், துளை துள்ளுகிறதா என்று அரை நிமிடத்தில் தெரியும். துள்ளினால் மேசையைச் சரிசெய்யாமல் இரண்டாவது ஏட்டைத் தொடுவதில் பயனில்லை.

சேர்த்த படம் கெட்டுப்போய், சுவடியும் ஏற்கெனவே பெட்டிக்குள் போய்விட்டது என்றால், கோப்புகள் தனித்தனியாக இருப்பது கைகொடுக்கும். நான்கில் நல்லதொன்றைத் தனிப் படமாக விரித்துக்கொள்ளலாம். நார்களில் அலைநிறம் கொஞ்சம் இருக்கும், ஆனால் எழுத்து இரட்டிக்காது. கமராவுக்குள்ளேயே சேர்த்து முடிக்கும் வகைகளில், தனிப் படமும் சேமிக்கப்படுகிறதா என்று புறப்படுமுன் கமரா மெனுவில் பார்த்து வைக்க வேண்டும். நான்கு படத்தையும் அழித்துச் சேர்த்ததை மட்டும் வைத்துக்கொண்டால், வட்டு இடம் மிஞ்சும். ஆனால் அந்த ஏட்டுக்காக மறுபடியும் உரிமையாளரின் வீட்டுப் படலையைத் தட்ட வேண்டி வரும்.