இரண்டாம் செக்டர், பிம் குறிப்புகள்

ஜூன் 3

இரவு மூன்று மணிக்கு ஆன்டெனாவின் இரண்டு போர்ட்டிலும் அப்லிங்கில், அதாவது போன்களிலிருந்து கோபுரத்துக்கு வரும் வழியில், இரைச்சல் −119 டிபிஎம். அப்பழுக்கில்லை. மாலை எட்டு மணிக்கு போர்ட் 1 −112, போர்ட் 2 −104. டவுன்லிங்க் போக்குவரத்து ஏறும்போது கூடவே ஏறுகிறது, இறங்கும்போது இறங்குகிறது. வெளியிலிருந்து யாரோ குறுக்கிடுகிறார்கள் என்றால் நம் போக்குவரத்தைப் பார்த்து ஏன் ஏற வேண்டும்?

பிம் என்றால் நம் இரண்டு கேரியர்களும் ஏதோ ஒரு மோசமான உலோகத் தொடுப்பில் கலந்து புதிய அதிர்வெண்ணை உண்டாக்குவது. கேரியர்கள் 930, 952.5 மெகாஹெர்ட்ஸில் இருக்கின்றன. 2×930 − 952.5 = 907.5. நம் அப்லிங்க் நடுவில் வந்து விழுகிறது. இரண்டும் 5 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்பதால் மூன்றாம் படி விளைவு 15 மெகாஹெர்ட்ஸுக்குப் பரவும். ஸ்பெக்ட்ரத்தில் கூர்முனையைத் தேடினால் கிடைக்காது, மேடுதான் தெரியும்.

ஜூன் 4

நள்ளிரவில் ஆளில்லாத நேரம் பார்த்து டவுன்லிங்கை வெற்றுத் தரவால் முழுக்க நிரப்பியாயிற்று. நொடியில் போர்ட் 2 −103. நிறுத்தியதும் −119. பிம்தான், சந்தேகமில்லை.

போர்ட் 1 மட்டும் உறுத்துகிறது. போர்ட் 2-இன் கேபிளில் ஒரு கனெக்டர் தளர்ந்திருந்தால் போர்ட் 1 ஏன் ஏழு டெசிபெல் ஏற வேண்டும்?

ஜூன் 6

மழை. துருப்பிடித்த இணைப்பு நனைந்தால் நடத்தை மாறிவிடும். இன்று எடுக்கும் அளவை நாளை நம்ப முடியாது. கோபுரம் ஏறவும் வழியில்லை.

ஜூன் 8

போர்ட் 2. கோபுரத்தில் ஏறும் பிரதான கேபிளான ஃபீடரை ஆன்டெனாவோடு இணைக்கும் சிறு கேபிள்தான் மேல் ஜம்பர். அதை ஆன்டெனாவிலிருந்து கழற்றி, முனையில் சக்தியை விழுங்கும் லோ-பிம் லோடு. சாதாரண டம்மி லோடு ஆகாது, அதுவே பிம் உண்டாக்கும். கீழிருந்து 20 வாட் வீதம் இரண்டு சோதனை டோன், அதாவது தலா 43 டிபிஎம். திரும்பி வரும் பிம் தளத்தில் தேறும் வரம்பு −97 டிபிஎம்.

அசையாமல் வைத்தால் −121. இந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு “பாஸ்” என்று எழுதிய அறிக்கைகள் எத்தனையோ உண்டு. தளர்ந்த கனெக்டர் அமைதியாக இருக்கும்போது நன்றாகவே தொட்டுக்கொண்டிருக்கும். காற்று ஆட்டும்போதும் வெயில் ஏறும்போதும்தான் காட்டிக்கொடுக்கும். தட்டாத பிம் சோதனை சோதனையே இல்லை.

கடின ரப்பர் சுத்தியால் கீழ் ஜம்பர், ஃபீடரின் கீழ் முனை, மேல் முனை என வரிசையாக மெல்லத் தட்டியதில் ஃபீடரின் மேல் கனெக்டரில் −88-க்குத் துள்ளியது. தட்டுவதை நிறுத்தினால் திரும்ப −121.

டோனை அணைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். 20 வாட் ஓடும்போது திறந்தால் கையும் சுடும், கனெக்டரின் முகமும் கருகும். 7/16 டின் வகைக் கனெக்டர், உள்ளே செப்புச் சீவல். கேபிளை அறுத்தவர்கள் வாயைக் கீழ்நோக்கிப் பிடிக்கவில்லை போலும். தொடுமுகத்தில் வளையமாக ஒரு கீறல். நட்டை முறுக்கும்போது உடலும் சேர்ந்து சுற்றியிருக்கிறது, அதில் முலாம் உரிந்து சீவலாகியிருக்கிறது.

இழை உதிராத துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துப் பார்த்தும் கீறல் ஆழம். கனெக்டரே மாற்றல். உடலை ஒரு ஸ்பேனரால் பிடித்து, நட்டை மட்டும் 32 மில்லிமீட்டர் டார்க் ரெஞ்சால் 25 நியூட்டன் மீட்டர். “கையால் இறுக்கினாலே போதும்” என்பவர்களிடம் இந்த ரெஞ்சைக் கொடுத்து கிளிக் சத்தம் வரும்வரை முறுக்கச் சொல்ல வேண்டும். சின்ன 4.3-10 கனெக்டர் என்றால் 5 போதும். அந்தப் பழக்கத்தில் டின்னையும் 5-இலேயே விடுகிறவர்கள் உண்டு.

இப்போது தட்டினாலும் −117.

ஜூன் 8, இரவு

லோடை எடுத்து ஆன்டெனாவை மாட்டினால் −91. தோல்வி.

ஜூன் 9

மாலை உச்ச நேரத்தில் போர்ட் 1 −112, போர்ட் 2 −112. இரண்டும் சமம். அந்த ஏழு டெசிபெல் கேபிளுக்குள் இல்லை. இரண்டு போர்ட்டின் துருவமுனைப்புகளையும் ஒரே அளவில் பிடிப்பது ஆன்டெனாவுக்கு வெளியே ஏதோ ஒன்று.

ஆன்டெனாவையே மாற்றச் சொல்கிறார்கள். ஆன்டெனாவுக்குள் கோளாறு என்றால் இரண்டு போர்ட்டும் இவ்வளவு ஒற்றுமையாக ஏறுவது அபூர்வம். மாற்றினாலும் இதே எண்தான் வரும் என்பது என் கணக்கு.

ஜூன் 11

ஒவ்வொரு டோனையும் 3 டெசிபெல் குறைத்ததில் அளவு 7 குறைந்தது. ஏட்டின்படி 9 குறைய வேண்டும். நிஜத் துரு அவ்வளவு ஒழுங்காக நடக்காது, டெசிபெல்லுக்கு இரண்டேகால் முதல் இரண்டேமுக்கால் என்பதுதான் வழக்கமாகக் கிடைப்பது. டோனை முழுக்க அணைத்தால் எதுவுமே இல்லை. ஆக வெளியார் சிக்னல் இல்லை, நம் சக்தியே எங்கோ பட்டுத் திரும்புகிறது.

பிம் தூர அளவீடு 38.6 மீட்டர் காட்டுகிறது. இந்த எண்ணைத் தனியாக நம்பக் கூடாது. ஃபீடர் நீளம், ஒளியோடு ஒப்பிட்டால் அதில் சிக்னல் ஓடும் வேக விகிதம், ஆன்டெனாவுக்குள் ஓடும் வழி எல்லாம் சேர்ந்த பிழை அதில் இருக்கிறது. அதனால் ஆன்டெனா முகப்பில், வேண்டுமென்றே பிம் உண்டாக்க, ஒரு உருண்டை இரும்புக் கம்பளியை டேப் போட்டு ஒட்டி மறுபடி அளவு. அது 36.1-இல் வலுவாக எழுந்தது. வித்தியாசம் 2.5. கருவிக்குக் கொடுத்திருப்பது ஃபீடரின் வேக விகிதம் 0.88. ஆனால் இந்த இடைவெளி காற்றில் இருப்பது. 2.5 ÷ 0.88, சுமார் 2.8 மீட்டர்.

தூரம் கிடைத்தது, திசை கிடைக்கவில்லை. ஆன்டெனாவைச் சுற்றி அந்த ஆரத்தில் கைப்பிடிக் குழாய், நடைமேடைக் கிராதி, கழற்றப்பட்ட பழைய ஆன்டெனாவின் கிளாம்ப்.

அந்தக் கிளாம்ப்.

ஜூன் 12

காற்று. ஏற்றமில்லை.

ஜூன் 13

ஆன்டெனாவுக்கு முன்னால் நிற்காமல், பக்கவாட்டிலிருந்து கண்ணாடியிழைக் கம்பின் நுனியில் கட்டிய புரோப். 907.5-க்கான ஃபில்டர் இல்லாவிட்டால் டோன்களின் வலுவில் அனலைசரே பிம் உண்டாக்கி ஏமாற்றும். கைப்பிடியில் ஒன்றுமில்லை, கிராதியில் கொஞ்சம். கிளாம்பில் யூ-போல்ட் குழாயைத் தொடும் இடத்தில் எகிறியது. அதன்மேல் அலைகளை விழுங்கும் பிம் போர்வையைப் போர்த்தியதும் கீழே −91 என்றிருந்தது −113 ஆனது. எடுத்தால் பழையபடி.

துரு மட்டுமே குற்றவாளி இல்லை. இறுக்கமாகத் தொட்டால் மின்னோட்டம் உலோகத்தோடு உலோகமாக ஓடிவிடும், தொடவே தொடாவிட்டால் ஓட இடமில்லை. நடுவில் மெல்லிய ஆக்சைடு படலம் வைத்து அரைகுறையாக உரசும் இடம்தான் டையோடு போல வளைந்து நடந்துகொள்கிறது. இந்த யூ-போல்ட் கையால் ஆட்டினாலே ஆடுகிறது.

இறுக்கிப் பார்த்ததில் −104. தேறிவிட்டது, ஆனால் துருவின்மேல் இறுக்கியது அடுத்த வெயிலுக்கே தளரும். பயன்படாத உலோகத்தை எதற்கு வைத்திருக்க வேண்டும்? அனுமதி வாங்கி முழுக்கக் கழற்றியாயிற்று. அது இருந்த இடத்தில் குழாயைச் சுரண்டி, துத்தநாகப் பூச்சு. கேபிளைக் கட்டியிருந்த இரும்புப் பட்டையையும் எடுத்துவிட்டு பிளாஸ்டிக் பட்டை.

போர்ட் 1 −115, போர்ட் 2 −114. தட்டியும், நடைமேடையில் நடந்தும்.

ஜூன் 14

உச்ச நேரம்: −118, −118.

ஜூன் 17

−118, −118. காற்று பலமாக இருந்த மதியத்திலும் அசையவில்லை.

ஜூன் 21

மூன்றாம் செக்டரில் மாலை −113. இரண்டு போர்ட்டும் சமம். அந்தப் பக்கத்திலும் பழைய கிளாம்ப் ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஆன்டெனாவுக்கு நேர் பின்னால், ஒரு மீட்டருக்குள். முதலில் இரும்புக் கம்பளி வைத்து தூரம் பார்க்க வேண்டும்.