பிரான்சில் தெருவோரப் பார்க்கிங் இயந்திரத்தில் கட்டணம் செலுத்திய அனுபவம்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையப் பக்கம் வண்டியை நிறுத்தினால், டோக்கன் போடுபவர் நம்பர் பிளேட்டின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். பிரான்சில், வாடகைக் காருடன் நானும் மச்சானும் நின்ற சிறு நகரத்தின் தெருவோர இயந்திரமோ முழு எண்ணையும் கேட்டது, அதுவும் பிரெஞ்சில்.

முதலில் வெளியூர்க்காரரா, அந்தப் பகுதியில் குடியிருப்பவரா என்று கேட்கும். VISITEUR என்பதைத் தொட்ட பிறகு, immatriculation என்ற சொல்லுடன் எழுத்துப் பலகை வரும். வண்டி எண்ணைத்தான் கேட்கிறது. அந்நாட்டில் 2009 முதல் வழங்கப்படும் எண்கள் இரண்டு எழுத்து, மூன்று இலக்கம், இரண்டு எழுத்து என்ற அமைப்பில் உள்ளன. நடுவிலுள்ள கோடுகளை விட்டுவிட்டு ஏழு குறிகளையும் சேர்த்து அடிக்கலாம். I, O, U ஆகிய எழுத்துகள் இந்த எண்களில் வருவதேயில்லை என்பதால், வட்டமாகத் தெரிவது பூஜ்யமா 'ஓ'வா என்ற குழப்பத்துக்கு இடமில்லை. எதற்கும் மச்சான் பிளேட்டைப் பார்த்து உரக்கப் படிக்க, நான் அடித்து, பச்சை நிற VALIDER பொத்தானை அழுத்தினேன். அடித்ததைத் திருத்த CORRIGER. அனைத்தையும் கைவிட ANNULER.

அடுத்து வரும் நேரம்தான் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம். கூட்டல் குறியை அழுத்த அழுத்தக் கட்டணம் ஏறும். அதனருகே தெரிவது எத்தனை மணி நேரம் என்பதன்று, எத்தனை மணி வரை என்பது. அந்தத் தெருவில் காலை 9 முதல் 12 வரையும் பிற்பகல் 2 முதல் 7 வரையும் மட்டுமே கட்டணம் என்று இயந்திரத்தின் பக்கவாட்டில் எழுதியிருந்தது. நாங்கள் 11:30க்கு ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டியபோது திரை 14:30 என்று காட்டியது. இடையிலுள்ள இலவச நேரத்தை அது தானாகவே தாண்டிவிடுகிறது. ஆகவே அன்று மதியச் சாப்பாட்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்குக் கட்டியிருந்தால் அது வீண் செலவாகியிருக்கும். பல நகரங்களில் நேரம் நீள நீளக் கட்டணமும் செங்குத்தாக உயர்வதால், திரையிலுள்ள முடிவு நேரத்தைப் பார்த்தே கையை நிறுத்துவது நல்லது.

கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் ஊரிலேயே இயக்கிவிட்டுப் போயிருந்ததால், இரகசிய எண்ணை அடித்ததும் பணம் போய்ச் சேர்ந்தது.

வந்த சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது வண்டி எண். சோதனை அந்த எண்ணை வைத்தே நடக்கிறது. ஓர் எழுத்து மாறினால் வேறு யாருக்கோ பணம் கட்டியதாகிவிடும். அவ்வாறு பிடிபட்டால் FPS எனப்படும் கூடுதல் கட்டணம் பதிவு உரிமையாளரான வாடகை நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் தங்கள் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து நம் கார்டில் எடுத்துக்கொள்ளக்கூடும். அதற்கு மறுப்புத் தெரிவிக்க அந்தச் சீட்டுதான் சான்று என்பதால், ஊர் திரும்பிய பின்னும் சில மாதங்கள் அதன் படத்தைக் கைபேசியிலிருந்து நீக்காமல் வைத்திருக்கலாம்.