மதர்போர்டு மாற்றிய பிறகு ரெக்கவரி கீ கேட்ட லேப்டாப்

கோத்தகிரியில் இருக்கும் அக்காவின் லேப்டாப் மழைக்காலத்தில் செத்துவிட்டது. கோயம்புத்தூரில் மதர்போர்டு மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டில் ஆன் செய்தால் நீலத் திரை, 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறது. "நான் எந்தப் பூட்டும் போடலையேடா" என்றாள் அக்கா. உண்மைதான், அவள் போடவில்லை.

விண்டோஸ் ஹோமிலும் டிவைஸ் என்கிரிப்ஷன், அதாவது டிஸ்க்கில் உள்ளதை மறையாக்கிப் பூட்டும் வசதி, தானாகவே இயங்கும். லேப்டாப்பில் சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப் இருக்க வேண்டும், யுஈஎஃப்ஐ என்ற தொடக்க முறையில், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்க வேண்டும். முன்பு மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற தூக்க நிலை வசதி போன்ற நிபந்தனைகளும் இருந்தன. விண்டோஸ் 11-இன் 24H2 பதிப்பில் அவற்றைத் தளர்த்திவிட்டார்கள். ஆனாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ அலுவலக, கல்லூரிக் கணக்கிலோ நுழையும்போதுதான் பூட்டு விழும். கீயும் அப்போதே அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். லோக்கல் கணக்கு மட்டும் வைத்திருந்தால் பூட்டு முழுதாக விழாது.

டிஸ்க்கைத் திறக்கும் ரகசியம் டிபிஎம்மிடம் இருக்கிறது. போர்டு மாறினால் டிபிஎம்மும் மாறிவிடும், அதனால்தான் இந்தக் கேள்வி. செக்யூர் பூட்டை யாராவது அணைத்துவிட்டாலும் இதே திரை வரும். அங்கே பயாஸில் திரும்ப ஆன் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். எங்களுக்கு அந்த வழி இல்லை.

என் போனில் account.microsoft.com/devices/recoverykey பக்கத்தைத் திறந்து அக்காவின் கணக்கில் நுழைந்தேன். கீ எதுவும் இல்லை. பலர் இங்கேதான் நம்பிக்கை இழந்து ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். நான் வேறொன்றைக் கேட்டேன்: இந்த லேப்டாப்பை முதலில் திறந்து செட் செய்தது யார்? பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் மகன். அவன் புதிதாக வாங்கி ஒரு வருஷம் வைத்திருந்து அம்மாவுக்குக் கொடுத்தது.

அவனைக் கூப்பிட்டேன். "மாமா, என் கணக்குல மூணு கீ இருக்கு, எது உங்களது?" நீலத் திரையில் கீ ஐடி என்று ஓர் எண் தெரியும். அதன் முதல் எட்டு எழுத்துகளைப் படித்தேன்; இரண்டாவது வரியில் அப்படியே இருந்தது. 48 இலக்கங்களையும் ஆறு ஆறாகச் சொன்னான், நான் தட்டினேன். விண்டோஸ் திறந்தது. கோப்புகள் எல்லாம் பத்திரம்.

அப்புறம் அக்காவின் கணக்கில் நுழைந்து, Settings-இல் Privacy & security, Device encryption பகுதிக்குப் போய் ஆஃப் செய்தேன். டிஸ்க் முழுவதும் பூட்டு நீங்கும்வரை காத்திருந்து மறுபடி ஆன் செய்தேன். அப்போது புதிய கீ உருவாகும். அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து இதைத் தட்டினேன்:

```
manage-bde -protectors -get C:
```

Numerical Password என்ற பகுதியில் ஐடியும் கீயும் வந்தன. இணையப் பக்கத்தில் அக்காவின் கணக்கைத் திறந்து பார்த்தால், அதே ஐடி இருந்தது. கீயைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் பையில் வைக்கச் சொன்னேன்.