டொமைன் மெயிலை வேறு சர்வருக்கு மாற்றியபோது: எம்எக்ஸ் ரெக்கார்டைப் படிப்பவர் யார்?

சித்தப்பாவின் அச்சகத்துக்குச் சொந்த டொமைன் உண்டு. வெப்சைட்டும் மெயிலும் ஒரே ஹோஸ்டிங்கில் இருந்தன. மெயில்பாக்ஸ் அடிக்கடி நிறைந்துபோனதால், மெயிலை மட்டும் தனியாக மெயில் சேவை தரும் ஒரு நிறுவனத்துக்கு மாற்ற முடிவு செய்து, வெப்சைட் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் வேலையைக் கொடுத்தார்கள். அவர் புது எம்எக்ஸ் ரெக்கார்டுகளைச் சேர்த்துவிட்டு "முடிஞ்சது சார்" என்று சொல்லிப் போய்விட்டார். அப்புறம்தான் சித்தப்பா எனக்குப் போன் செய்தார். "புது இன்பாக்ஸ்ல எப்பவாவது ஒண்ணு ரெண்டு வருதுப்பா, மத்ததெல்லாம் பழையதுலயேதான் வந்து விழுது. என்னன்னு கொஞ்சம் பாரேன்."

முழுக்க வரவில்லை என்றால் அது ஒரு விஷயம். ஒன்றிரண்டு மட்டும் வருகிறது என்றதும் எனக்கு ரெக்கார்டுகளின் எண்கள் மேல்தான் சந்தேகம் வந்தது. அது ஏன் என்று புரிய, ஒரு மெயில் கிளம்பும்போது என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஒரு வாடிக்கையாளர் தன் ஜிமெயிலில் இருந்து அச்சகத்துக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூகுளின் சர்வர் முகவரியில் @ குறிக்கு அடுத்து இருக்கும் டொமைனை மட்டும் எடுத்துக்கொண்டு, டொமைன்களின் விவரங்களை வைத்திருக்கும் டி.என்.எஸ்ஸிடம் "இந்த டொமைனுக்கு வரும் மெயிலை யார் வாங்கிக்கொள்வார்கள்?" என்று கேட்கிறது. @ குறிக்கு முன்னால் இருப்பது சேல்ஸா அக்கவுண்ட்ஸா என்பது இந்த இடத்தில் அதற்குத் தேவையில்லை, அதை வாங்கும் சர்வர் பார்த்துக்கொள்ளும். கேள்விக்குப் பதிலாக வருவதுதான் எம்எக்ஸ் ரெக்கார்ட். அதில் இருப்பது இரண்டே விஷயம்: ஓர் எண், ஒரு சர்வரின் பெயர். பெயர் கிடைத்ததும் அதன் ஐ.பி. முகவரியை இன்னொரு கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த சர்வரின் 25ஆம் போர்ட்டுக்குப் போய் மெயிலைக் கொடுக்கிறது.

ஆக எம்எக்ஸ் ரெக்கார்டை எழுதி வைப்பது நாம், படிப்பது அனுப்புகிறவரின் சர்வர். புது மெயில் சேவையின் திரையில் "வெரிஃபைட்" என்று பச்சை டிக் வந்திருக்கலாம். அது சொல்வதெல்லாம் அவர்கள் தேடிய ரெக்கார்டுகள் பட்டியலில் இருக்கின்றன என்பது மட்டும்தான், பட்டியலில் வேறு என்ன இருக்கிறது என்பதைப் பல சேவைகள் சொல்வதே இல்லை. அதனால் வெளியே இருந்து கேட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. லினக்ஸிலும் மேக்கிலும் `dig` போதும், விண்டோஸில் `nslookup -type=mx example.com` என்று கேட்கலாம். அச்சகத்துக்கு வந்த பதில் இது (பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்):

```
$ dig MX example.com +noall +answer
example.com.  14400  IN  MX  0 example.com.
example.com.  14400  IN  MX  10 mx1.example.net.
example.com.  14400  IN  MX  20 mx2.example.net.
```

இந்த மூன்று வரியில் மொத்தக் கதையும் இருக்கிறது. MX என்பதை அடுத்து வரும் 0, 10, 20 ஆகியவை முன்னுரிமை எண்கள். எண் சிறியதாக இருப்பவருக்குத்தான் முதல் உரிமை, பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். புது சேவையின் சர்வர்கள் 10, 20. ஆனால் 0 என்று உட்கார்ந்திருப்பது பழைய ஹோஸ்டிங். உலகத்தில் எந்த சர்வர் கேட்டாலும் முதலில் பழைய இடத்துக்குத்தான் போகும், அது உயிரோடு இருக்கிறது, மெயில்பாக்ஸும் அங்கே அப்படியே இருக்கிறது, எனவே சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொள்கிறது. அனுப்பியவருக்கு எந்தப் பிழைச் செய்தியும் போகாது.

அந்த ஒன்றிரண்டு மெயில் எப்படிப் புது இடத்துக்கு வந்தது? 0 என்ற சர்வர் இணைப்பை ஏற்காவிட்டாலோ, "இப்போது முடியாது, பிறகு வா" என்று 4-இல் தொடங்கும் தற்காலிக மறுப்பைக் கொடுத்தாலோ, அனுப்பும் சர்வர் அடுத்த எண்ணுக்குப் போகலாம். பழைய சர்வர் திணறிய நேரங்களில் வந்த மெயில்கள் அப்படித்தான் 10க்கு வழிமாறியிருக்கின்றன. பழைய ரெக்கார்டை "பேக்கப்பாக இருக்கட்டும்" என்று விட்டுவைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அதன் எண்ணை 50 ஆக்கினாலும், புது சர்வர் ஒரு நிமிடம் தடுமாறும்போது சில மெயில் யாரும் திறந்து பார்க்காத பழைய பெட்டியில் போய் விழும். பேக்கப்பே இல்லாவிட்டாலும் மெயில் உடனே தொலைந்துவிடாது. அனுப்பும் சர்வர் அதை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள் இயல்பாகவே 5 நாள் வரை முயலும்.

சரி, 0 வரியை நீக்க வேண்டும். எங்கே நீக்குவது? ஹோஸ்டிங்கின் சிபேனலில் `Zone Editor` இருந்தது, அதில் ஒரு எம்எக்ஸ் வரியும் தெரிந்தது. டொமைன் வாங்கிய இடத்தின் பேனலிலும் டி.என்.எஸ். பக்கம் ஒன்று இருந்தது. இரண்டிலும் எழுதலாம், இரண்டும் "சேவ் ஆனது" என்று சொல்லும், ஆனால் உலகம் படிப்பது ஒன்றை மட்டும்தான். எதை என்று இது சொல்லிவிடும்:

```
$ dig NS example.com +short
```

வந்த பெயர்கள் டொமைன் வாங்கிய நிறுவனத்தின் நேம்சர்வர்கள், அதாவது நம் டொமைனைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சர்வர்கள். ஆக மாற்ற வேண்டியது அங்கேதான். ஹோஸ்டிங் பேனலில் எவ்வளவு திருத்தினாலும் வெளியே யாருக்கும் தெரியப்போவதில்லை.

நீக்குவதற்கு முன் இரண்டு வேலை செய்தேன். முதலாவது, பழைய இடத்தில் இருக்கும் ஒவ்வொரு முகவரியும் புது இடத்திலும் இருக்கிறதா என்று சரிபார்த்தது. இது ரொம்ப முக்கியம். புது சர்வரில் அந்த முகவரி இல்லை என்றால் அது 550 என்று நிரந்தர மறுப்பு கொடுக்கும், அதற்குப் பிறகு அனுப்பும் சர்வர் மறுமுறை முயலாது, மெயில் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். பார்த்தால், டெண்டர்களுக்காக எப்போதோ உருவாக்கிய ஒரு ஃபார்வர்டர் முகவரி புது இடத்தில் இல்லை, அதைச் சேர்த்தேன்.

இரண்டாவது, மேலே தெரிகிறதே 14400, அது விநாடிக் கணக்கு. ஒருமுறை கேட்டு வாங்கிய பதிலை 4 மணி நேரம் வரை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். நாம் இப்போது மாற்றினாலும், சற்று முன்பு கேட்டுவைத்த சர்வர்கள் அதுவரை பழைய பதிலையே பயன்படுத்தும். அதனால் மூன்று வரிகளிலும் அதை 300 ஆகக் குறைத்து, பழைய 4 மணி நேரம் கழிய விட்டு, சனிக்கிழமை இரவில் 0 வரியை நீக்கினேன். இப்படிச் செய்தால் ஏதாவது தவறாகப் போனாலும் 5 நிமிடத்தில் திருப்பிக்கொள்ள முடியும். இணையத்தில் "48 மணி நேரம் காத்திருங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். நேம்சர்வரையே மாற்றும்போது அதில் நியாயம் உண்டு, ஒரு ரெக்கார்டை மாற்ற அதன் சொந்த எண்ணைப் பார்த்தாலே எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிடும்.

நீக்கிய பின் `dig` இரண்டு வரி மட்டும் காட்டியது. பெயர்களை எழுத்து எழுத்தாகப் படித்தேன். சில பேனல்களில் பெயரின் கடைசியில் புள்ளி வைக்காவிட்டால் நம் டொமைனையும் அதுவாகவே ஒட்டிவிடும், `mx1.example.net.example.com` என்று ஒரு சர்வர் முளைக்கும், அப்படி ஒன்று எங்குமே இருக்காது. இன்னொன்று, எம்எக்ஸில் ஐ.பி. முகவரியை எழுதக் கூடாது, பெயர்தான் எழுத வேண்டும், அந்தப் பெயருக்கு நேரடியாக ஐ.பி. இருக்க வேண்டும். இன்னொரு பெயரைக் கைகாட்டும் சிநேம் ரெக்கார்டாக இருக்கக் கூடாது என்று 1997இல் வந்த இணைய விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 2181 தெளிவாகவே சொல்கிறது.

ஜிமெயிலில் இருந்து ஒரு சோதனை மெயில் அனுப்பினேன், புது இன்பாக்ஸில் வந்தது. வந்ததோடு விடாமல் அதன் ஹெடரைத் திறந்து `Received:` வரிகளைப் பார்த்தேன். அவை கீழிருந்து மேலாகச் செல்லும். கூகுளின் சர்வரிடமிருந்து `mx1.example.net` வாங்கிக்கொண்டதாக ஒரு வரி இருந்தது, நடுவில் பழைய ஹோஸ்டிங்கின் பெயர் இல்லை.

அடுத்த நாள் சித்தப்பாவின் போன். "எல்லாம் வருது. ஆனா வெப்சைட்ல கொட்டேஷன் கேக்கறவங்க மெயில் மட்டும் காணோம்ப்பா."

இந்தப் பகுதியை விளக்குபவர்கள் குறைவு, எனவே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஒரு மெயில் சர்வர் எடுத்ததும் டி.என்.எஸ்ஸைக் கேட்பதில்லை. அதற்கு முன்னால் "இந்த டொமைன் என்னுடையதுதானா?" என்று தன் பட்டியலைப் பார்க்கும். ஆம் என்றால் எம்எக்ஸை எட்டிக்கூடப் பார்க்காமல் தன் டிஸ்க்கில் இருக்கும் மெயில்பாக்ஸிலேயே போட்டுவிடும். வெப்சைட்டின் படிவம் ஓடுவது பழைய ஹோஸ்டிங்கில். அந்த சர்வரைப் பொறுத்தவரை அச்சகத்தின் மெயில் இன்னும் தன் பொறுப்புதான். அதே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் வேறு நிறுவனங்கள் நமக்கு எழுதினாலும் இதே கதிதான்.

சிபேனலில் `Email Routing` என்ற பக்கத்தில் இது இருக்கிறது. அங்கே `Local Mail Exchanger` தேர்வாகியிருந்தது. அதை `Remote Mail Exchanger` என்று மாற்றிச் சேமித்தேன். அந்த சர்வரும் எம்எக்ஸைக் கேட்க ஆரம்பித்தது, அடுத்து நிரப்பிய படிவம் புது இன்பாக்ஸில் வந்து நின்றது. நடுவில் வந்த கொட்டேஷன் கேள்விகள் எல்லாம் பழைய பெட்டியில் பத்திரமாக இருந்தன, ஐமேப் வழியாக அவற்றைப் புது இடத்துக்கு இழுத்துக்கொண்டோம்.

எம்எக்ஸ் உள்ளே வரும் மெயிலுக்கு மட்டும்தான். நாம் வெளியே அனுப்புவது ஸ்பாமில் விழாமல் இருக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெக்கார்டுகளைத் தனியாக மாற்ற வேண்டும், நம் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரியில் வெப்சைட் இருக்கும் சர்வரையும் விட்டுவிடாமல் சேர்த்தேன், ஏனென்றால் படிவத்தின் மெயில் இன்னும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. 300ஐ மறுபடி 14400 ஆக்கிவிட்டேன். பழைய பெட்டிகளை உடனே அழிக்கவில்லை, தினம் ஒருமுறை திறந்து பார்க்கச் சொன்னேன், புதிதாக எதுவும் விழுவது நின்ற பிறகு சித்தப்பாவே அவற்றை நீக்கிவிட்டார்.