டாக்டர் சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதிய அனுபவம்

அப்பாவுக்கு 76 வயது. இதயம் பலவீனமாகி, காலில் நீர் கோத்து, மதுரையில் ஒரு மருத்துவமனையில் இருந்து வீட்டுக்கு வந்திருந்தார். முதல் மறுபரிசோதனைக்கு நான்தான் கூடப் போனேன். மாத்திரை எடுத்துக் கொடுப்பது அம்மா. சென்னையில் இருக்கும் தம்பி தினமும் போனில் கேட்பான். மூன்று பேருக்கும் ஒரே விஷயம் போய்ச் சேர வேண்டும் என்பதால், "பதிவு பண்ணிக்கலாமா சார், வீட்டுல எல்லாரும் கேக்கணும்" என்று டாக்டரிடம் கேட்டேன். சரி என்றார். போனை மேஜை மேலேயே வைத்தேன். கால் மணி நேரத்துக்குச் சற்று குறைவான பதிவு.

அந்தப் பதிவை அப்படியே அனுப்பியிருந்தால் தம்பி ஒரு முறை கேட்டிருப்பான், அம்மா கேட்டிருக்கவே மாட்டார். அதனால் அன்று மாலையே உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதினேன். டாக்டர் செய்யச் சொன்னது, நிறுத்தச் சொன்னது, 'இப்படி ஆனா கூப்பிடுங்க' என்றது, இந்த மூன்றை மட்டும்தான் எடுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பதிவில் அது வரும் நிமிடத்தைக் குறித்தேன். யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னைக் கேட்காமல் அந்த இடத்துக்கே போய்க் கேட்கலாம்.

சிக்கல் நாலாவது நிமிடத்தில் வந்தது. அப்பா வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய மாத்திரை அட்டைகளை டாக்டர் புரட்டிப் பார்த்தபடி, "இது வேண்டாம், நிறுத்திடுங்க, இதை மட்டும் தொடருங்க" என்கிறார். எதைக் கையில் எடுத்தார் என்பது ஒலியில் எப்படித் தெரியும்? மருந்துச் சீட்டும் கைகொடுக்கவில்லை. அதில் சாப்பிட வேண்டியவைதான் இருக்கும், நிறுத்த வேண்டியவை பெரும்பாலும் இருக்காது. பையில் இரண்டு பழைய அட்டைகள், ஒன்று ரத்த அழுத்தத்துக்கு, இன்னொன்று முட்டி வலிக்கு வாங்கிய டைக்ளோஃபினாக். இந்த வகை வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைக்கும், இதய நோயாளிக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் ஊகத்தை டாக்டர் சொன்னதாக எழுத மனம் ஒப்பவில்லை. அந்த வரியை 'உறுதி செய்யணும்' என்று சிவப்பில் எழுதிவிட்டு, இரவு மாத்திரைக்கு முன்பே ஓ.பி. நர்ஸைக் கூப்பிட்டு இரண்டு அட்டைகளின் படத்தையும் அனுப்பினேன். டாக்டரிடம் கேட்டு, நிறுத்த வேண்டியது வலி மாத்திரைதான் என்று சொன்னார். அடுத்த முறை முதல், டாக்டர் ஒரு அட்டையைத் தொட்டால் நான் அதன் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவிலும் விழுந்துவிடுகிறது.

இன்னொரு இடம், "நீர் மாத்திரைய ஒரு மாசம் கழிச்சுக் குறைச்சுக்கலாம்." பதிவைக் கேட்ட தம்பி, "அக்கா, அடுத்த மாசம் பாதியாக்கிடலாம்ல?" என்றான். அதற்கு முந்தைய வாக்கியத்தை மறுபடி போட்டுக் காட்டினேன். ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே தாளில், 'நாமாகக் குறைக்கக் கூடாது. பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்வார்' என்று எழுதினேன்.

தாளை டாக்டர் பேசிய வரிசையில் அமைக்காமல், அம்மாவின் நாளைப் பார்த்து அமைத்தேன். பெரிய எழுத்தில் எழுதியதில் சில வரிகள்:

காலை எழுந்து சிறுநீர் போன பிறகு, சாப்பிடும் முன் எடை பார்த்து நோட்டில் எழுதணும்.
காலை: நீர் மாத்திரை (ஃபியூரோசமைடு 40) ஒன்று. ஸ்பைரோனோலாக்டோன் 25 ஒன்று.
மதியம் 2 மணி: நீர் மாத்திரை அரை. அதற்குப் பிறகு வேண்டாம், ராத்திரி எழுந்திருக்க வேண்டி வரும்.
தண்ணீர், காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான்.
இளநீர் வேண்டாம். சோடியம் குறைந்த உப்பும் வேண்டாம். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், ஸ்பைரோனோலாக்டோனோடு சேர்ந்தால் ரத்தத்தில் ஏறிவிடும்.
3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே போன். படுத்தால் மூச்சு முட்டினால் காத்திருக்காமல் மருத்துவமனை.

எழுதி முடித்ததும் அம்மாவிடம் கொடுத்து, "நாளைக்குக் காலைல என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். எடையில் இருந்து மதிய அரை மாத்திரை வரை சரியாகச் சொன்னார். ரசத்தையும் கணக்கில் சேர்க்கணும் என்பதில்தான் நம்பிக்கையில்லாமல் திரும்பக் கேட்டார். ஒன்றரை லிட்டர் பாட்டிலில் காலையிலேயே தண்ணீர் நிரப்பி, அப்பா காபியோ ரசமோ குடிக்கும்போதெல்லாம் அதே அளவு அதிலிருந்து வெளியே கொட்டிவிடச் சொன்னேன். அதன் பிறகு அளவு பற்றிய கேள்வி வரவில்லை.

தாளின் மேலே தேதி போட்டிருந்தேன். ஒரு வாரத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்து டாக்டர் மதிய அரை மாத்திரையை எடுத்துவிட்டார். பழைய தாளில் அடித்துத் திருத்தவில்லை. புதிதாக எழுதி, குளிர்பெட்டிக் கதவில் இருந்த பழையதைக் கிழித்த பிறகே புதியதை ஒட்டினேன். தம்பிக்கும் படம் அனுப்பி, முந்தையதை அழிக்கச் சொன்னேன்.